வெள்ளைக் கோட்டில் கறுப்புச் செதில்

அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் அவருக்கு மூடி என்று பெயர். அது அவருக்கே தெரியாது. அவர் ஓய்வு பெற்ற அன்று நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில், பக்கத்து நாற்காலிக்காரப் பெண் காதோடு சொல்லித்தான் அவர் மனைவிக்குத் தெரிந்தது. சன்னலைத் திறந்தால் மூடுவார், மின்விசிறியைப் போட்டால் கதவை மூடுவார், பேனாவைக் கீழே வைத்தால் அது யாருடையதாக இருந்தாலும் மூடுவார். "இனிமேதான்க்கா எங்க ரூமுக்குக் காத்து வரப்போகுது" என்று அந்தப் பெண் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடையில் மூடியார் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, தன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.

அலுவலகத்துக்குக் காற்று வந்தது. வீட்டுக்கு நின்றது.

வீட்டில் இருக்கும் ஆண்களில் சிலர் தூங்குவார்கள், சிலர் செடி வளர்ப்பார்கள். மூடியார் மேற்பார்வை பார்த்தார். துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டார். ஆனால் அந்தத் துரும்பை எப்படி எடுக்க வேண்டும், எந்தக் கையால் எடுக்க வேண்டும், போன வருடம் எடுத்தது ஏன் தப்பு என்று மணிக்கணக்கில் சொல்வார். சாம்பார்ப் பாத்திரம், தண்ணீர்க் குடம், தொலைக்காட்சி, எல்லாவற்றுக்கும் மூடியோ உறையோ இருக்க வேண்டும். திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும்.

அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் மனைவி துணி துவைக்கும் வேலையை எடுத்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பல் ஆஸ்பத்திரி. ஒரு பெண் டாக்டர், இரண்டு உதவியாளர்கள், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவர்களுடைய வெள்ளைக் கோட்டுகளும், நாற்காலியில் சாய்பவர்களின் கழுத்தில் போடும் வெள்ளைத் துண்டுகளும் அவளிடம் வந்தன. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தத் தெருவில் அவளுக்குத் துவைக்கிற அக்கா என்று பெயர் வந்தது. மூடியார் வீட்டம்மா என்று அல்லாமல் தனக்கென்று ஒரு பெயர் வந்ததே என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நாமும் அவளை அக்கா என்றே சொல்வோம்.

சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் வாஷிங் மெஷின். மேலே மூடி திறந்து துணி போடும் வகை. துவைத்து முடிந்து அக்கா துணியை எடுத்தாளோ இல்லையோ, மூடியார் வந்து மூடியைச் சாத்துவார். அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் உறையை மாட்டி, நான்கு பக்கமும் இழுத்து விடுவார். "பல்லி விழும். தூசி விழும்" என்பார். குழந்தைக்குப் போர்வை போர்த்திவிட்ட தகப்பன் மாதிரி ஒரு திருப்தி முகத்தில் தெரியும். உள்ளே தொட்டி ஈரமாகவே கிடந்து வியர்த்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, அப்போது அக்காவுக்கும் தோன்றவில்லை.

முதலில் ஒரு துண்டில்தான் அது தெரிந்தது. எரிந்த காகிதத்தின் ஓரம் மாதிரி கறுப்பாக, நகத்தளவுகூட இல்லாத ஒரு செதில். தட்டிவிட்டாள், போய்விட்டது. அடுத்த முறை ஒரு கோட்டின் கைமடிப்பில் ஒன்று, பைக்குள் சில. விரலால் எடுக்கப் போனால் செதில் நசுங்கி, வழவழவென்று இழுபட்டு, சாம்பல் நிறக் கோடாகத் துணியில் அப்பிக்கொண்டது. மோந்து பார்த்தாள். மழைக்காலத்துக் கால்மிதி நாற்றம்.

அவள் அந்தக் கோட்டைக் கையால் கசக்கித் துவைத்துக் கொடுத்தாள். ஆனால் எத்தனையைக் கசக்க முடியும்? வாரம் திரும்புவதற்குள் மேசைப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. நோயாளி ஒருவர் கழுத்தில் போட்ட துண்டில் கறுப்பு கறுப்பாக இருந்ததைப் பார்த்து, இது போன ஆள் வாயிலிருந்து வந்ததா என்று கேட்டுவிட்டாராம். டாக்டரம்மாவுக்கு முகம் செத்துவிட்டதாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வெளியே சலவைக் கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லச் சொன்னாராம். அக்கா போனை வைத்துவிட்டு கூடையில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அந்த வேலை போனால் அவளுக்கு மிஞ்சுவது மூடியாரும் அவருடைய மேற்பார்வையும்தான். 

மூடியார் வழக்கை விசாரித்தார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முதலில், ஆஸ்பத்திரி அழுக்கு என்றார். பிறகு தண்ணீர் சரியில்லை என்றார். கடைசியில் வழக்கம்போல அவளிடம் வந்து நின்றார். சோப்புத்தூள் போதவில்லையாம். அவள் எதிலும் இப்படித்தானாம், கை வராதாம்.

இங்கே அக்காவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவளும் அந்தப் பேச்சைக் கேட்டாள். தூளை இரட்டிப்பாகப் போட்டாள். நாற்றம் போகட்டும் என்று, துணிக்கு வாசனையும் மென்மையும் தரும் அந்த நீலத் திரவத்தையும் மூடி மூடியாக ஊற்றினாள். பச்சைத் தண்ணீரில் அந்தத் தூள் முழுதும் கரையவில்லை. கரையாத தூளும், கொழுப்புப் பிசுக்கான அந்தத் திரவமும், துணியின் பஞ்சும் சேர்ந்து தொட்டியின் முதுகில் போய் அப்பின. கறுப்புச் செதிலாக உதிர்ந்த பூஞ்சைக்கு அது விருந்து. அவள் அழுக்கைப் போக்கவில்லை, அதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். பிற்பாடு இது புரிந்தபோது, முப்பது வருடமாக நம்பக்கூடாது என்று தெரிந்துவைத்திருந்த ஒரு வாயை இதில் மட்டும் ஏன் நம்பினோம் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

செதில் கூடியது. மெஷின் பழுதுபார்க்கும் ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, தொட்டியில் கொட்டி ஓட விடுங்கள், பளபளவென்று ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். சுடுதண்ணீரில்தான் போட வேண்டும் என்று பொட்டலத்தின் மேலேயே இருந்தது. சுடுதண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் இளகிவிடும் என்று மூடியார் குறுக்கே விழுந்து தடுத்தார். மெஷினைத் தன் கையால் செய்தவர் மாதிரி இருந்தது அவர் பேச்சு. பச்சைத் தண்ணீரில் பொட்டலம் அரைகுறையாகக் கரைந்து, அப்படியே சாக்கடைக்குப் போனது. செதில் அசையவில்லை. பார்த்தாயா, இந்த மருந்தெல்லாம் ஏமாற்று என்றார் மூடியார்.

அக்கா தன் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை வீட்டிலும் இதே தொல்லை வந்து போயிருந்தது. தொட்டிக்குள்ளே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளிச்சென்றுதான் இருக்கும் என்றாள் அவள். நாம் பார்ப்பது ஓட்டை ஓட்டையாக இருக்கும் உள் தொட்டி. அதற்கு வெளியே தண்ணீர் நிற்க இன்னொரு தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா அசிங்கமும் ஒளிந்திருக்கிறது. அடியில் சுழலும் தட்டைக் கழற்றிப் பார், அப்புறம் சோறு இறங்காது என்று சொல்லிச் சிரித்தாள்.

மூடியார் கடைத்தெருவுக்குப் போன சமயமாகப் பார்த்து அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். தட்டின் நடுவிலிருந்த சின்ன மூடியை நெம்பி எடுத்து, அதனடியில் இருந்த திருகாணியைக் கழற்றினாள். தட்டு அசையவில்லை. பிசுக்கு அதைப் பிடித்துவைத்திருந்தது. தட்டின் ஓட்டைகளில் கம்பியை மாட்டி, இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி இழுத்தாள். சளக்கென்று வந்தது.

பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டின் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பலும் கறுப்புமாகச் சேறு. அதில் முடி, நூல், ஒரு சட்டைப் பொத்தான். விரலை வைத்தால் விரல் வழுக்கியது. இதில் அலசிய துண்டைத்தான் அடுத்தவர் கழுத்தில் போடக் கொடுத்தோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கூசியது. பழைய பல்துலக்கியை வைத்துத் தட்டையும் அதன் குழியையும் தேய்த்தாள். பஞ்சு பிடிக்கும் வலைப்பையைத் திருப்பினால் அங்கேயும் அதே கறுப்பு வழவழப்பு. தேய்த்துக் கழுவித் தட்டைத் திரும்ப மாட்டினாள்.

கை போகாத இடத்துக்குச் சுடுதண்ணீர்தான் போக வேண்டும். மெஷினோடு வந்த புத்தகத்தில் அறுபது டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது. குளியலறை ஹீட்டரிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாள். வெள்ளைத் துணிக் கறைக்குப் போடும், தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் அந்தப் பவுடரைத் தாராளமாகக் கொட்டினாள். கூடவே வேறு எதையும் கலக்காதே, வினிகர், பிளீச்சிங் எதையும் சேர்க்காதே என்று தங்கை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் சுழலவிட்டு, நிறுத்தி, ஊறவிட்டாள்.

மூடியார் திரும்பி வந்தபோது தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மேலே கறுப்பு ஏடுகள் மிதந்தன. அக்கா டீ வடிகட்டியால் அள்ளி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாளியைப் பார்த்தார். வடிகட்டியைப் பார்த்தார்.

"அந்த வடிகட்டியை இனிமே சமையலுக்குக் கொண்டுவராதே" என்றார். அவ்வளவு அசிங்கத்தில் அவர் கண்ணில் பட்டது வடிகட்டி.

சாயங்காலம் தண்ணீரை வடித்து, வெறும் தண்ணீரில் அலசி, பழைய துண்டுகளைப் போட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தால், முன்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த செதில் இப்போது மிளகு தூவியது போல் துண்டு முழுக்க அப்பியிருந்தது.  மூடியாருக்குப் பிறவிப் பயன் கிட்டிவிட்டது. கெடுத்துவிட்டாள், நன்றாக இருந்த மெஷினைக் குட்டிச்சுவராக்கிவிட்டாள் என்று தம்பிக்குப் போன் போட்டார், மைத்துனருக்குப் போட்டார், தவறுதலாக யாரோ அழைத்தபோது அவரிடமும் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதையில் அவருடைய எச்சரிக்கை ஒன்று கூடியது.

அவரை எதிர்த்துப் பேச அக்காவிடம் தெம்பில்லை. ஆனால் அந்தத் துண்டை உதறியபோது ஒன்றைக் கவனித்தாள். செதில்கள் முன்போல் இழுபடவில்லை. உதறினால் உதிர்ந்தன. பிடி விட்டுப்போய் வருகிறது, ஒட்டியிருந்தது கழன்று வருகிறது, அதனால்தான் இத்தனை என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் மறுபடியும் சுடுதண்ணீர், பவுடர், ஊறல், வடிகட்டி. செதில் பாதியானது. இன்னொரு நாள் அதே வேலை. தண்ணீர் தெளிந்தது. பழைய துண்டுகளைப் போட்டு எடுத்து, வெயிலில் பிடித்தும் வெள்ளைப் படுக்கை விரிப்புமேல் உதறியும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். துணி வாசனைதான் வந்தது.

அதற்குப் பிறகு நீலத் திரவத்தைக் கையால் தொடவில்லை. தூளைப் பாதியாகக் குறைத்தாள். துவைத்து முடிந்ததும் மூடியைத் திறந்தே விட்டாள், உள்ளே காய வேண்டும் என்று. போர் அங்கேதான் மூண்டது. அவள் திறந்து வைப்பாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அது மூடி, உறை போட்டு, இழுத்துவிட்டு இருக்கும். விளக்கிச் சொன்னாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், போகிற போக்கில் மூடினார். உறையை ஒளித்துவைத்தாள். படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்தினார். ஒரு நாள் துணி எடுத்துவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போய், இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் மூடியைத் திறந்தால், அந்தக் கால்மிதி நாற்றம் மெல்ல எட்டிப் பார்த்தது. அவரிடம் சண்டை போடுவது சுவரோடு முட்டிக்கொள்வது என்று அவளுக்குப் புரிந்தது. இன்னொரு தடவை சுடுதண்ணீர் சுமந்து தொட்டியைக் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரித் துணியைப் போட்டாள்.

கோட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு அவளே போனாள். மேசைப் பெண் அவளைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தாள். எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். டாக்டரம்மா சலவைக் கடையில் பேசி முடித்துவிட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து துணி அங்கேதான் போகிறதாம்.

அக்கா, இப்போது சரியாகிவிட்டது, பிரித்துப் பார்க்கச் சொல் என்றாள். அந்தப் பெண் தயங்கினாள்.

"இல்லக்கா, நாங்க முதல்ல உங்களுக்காகத்தான் பேசினோம். ஆனா உங்க வீட்டு சாரே அவரோட சட்டையெல்லாம் அந்தக் கடையிலதான் குடுக்குறாரு. நான் துணி விசாரிக்கப் போனப்ப நின்னுட்டு இருந்தாரு. எங்க வீட்டு மெஷின்ல வெள்ளையைப் போட முடியாதும்மா, கறுப்பு வர ஆரம்பிச்சதுலேருந்து நான் இங்கதான் குடுக்குறேன்னு அவரே சொன்னாரு."

 அக்காவுக்கு மூடியாரின் வெள்ளைச் சட்டைகள் கண்முன் வந்தன. நீண்ட நாளாக அவை அவள் கூடைக்கு வரவே இல்லை. வீட்டோடு இருப்பவர் வெள்ளைச் சட்டை அதிகம் போடுவதில்லை என்று இருந்துவிட்டாள். அவளை நாற்காலி போட்டு விசாரித்தபோது, தூள் போதவில்லை என்றபோது, மெஷின் நன்றாக இருந்தது என்று ஊரெல்லாம் போன் போட்டபோது, அவர் சட்டை மட்டும் பத்திரமாக வெளியே சலவையாகிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அவரை முட்டாள் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டோம், இந்த ஆள் முட்டாள்கூட இல்லை என்று தோன்றியது. 

நேராக டாக்டரின் அறைக்குள் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு கோட்டை விரித்து, அந்தப் பெரிய விளக்கைப் போட்டுப் பாருங்கள் என்றாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. வாய்க்குள் பார்க்கும் விளக்கை இழுத்துக் கழுத்துப்பட்டையைப் பார்த்தார், கைமடிப்பைத் திருப்பினார், பைக்குள் விரலை விட்டார். துண்டுகளையும் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இப்படியே இருக்கும்னு சொல்ல முடியுமா அக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேலை கைக்குத் திரும்பியிருக்கும். அக்காவின் நாக்கு நுனி வரை அது வந்தது.

"என் வீட்டுல இருந்தா இருக்காது டாக்டரம்மா. நான் திறந்து வச்சா மூட ஒருத்தர் இருக்காரு. ரெண்டு மாசத்துல மறுபடியும் வரும். உங்க பின்ரூம்ல குழாயும் இருக்கு, தண்ணி போற வழியும் இருக்கு. மெஷினை இங்க கொண்டுவந்து போட்டுக்கறேன். வந்து துவைச்சுட்டுப் போறேன்."

பின்னறையில் காலி அட்டைப்பெட்டிகள்தான் கிடந்தன. டாக்டரம்மா எழுந்துபோய்ப் பார்த்தார். சன்னல் இருந்தது, வெயில் விழுந்தது. கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாம், சலவைக் கடைக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் காலை சுமை ஏற்றும் வண்டி வந்தது. குழாயைக் கழற்றி, தண்ணீரை வடித்து, இரண்டு ஆட்கள் மெஷினைத் தூக்கினார்கள். மூடியார் பதறிப்போய் வழி மறித்தார். எங்கே போகிறது, யாரைக் கேட்டு என்றார். அக்கா சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு, யாரையும் கேட்கவில்லை. அவர் தூக்குகிறவர்களிடம் இப்படிப் பிடி, அப்படிச் சாய் என்று மேற்பார்வை பார்த்தார். அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பும்போதுதான் அவருக்கு விஷயத்தின் முழு அளவு உறைத்தது.

"அப்ப வீட்டுத் துணி? என் வேட்டி, பனியன் எல்லாம் யாரு துவைக்கிறது?"

அக்கா வண்டியில் ஏறி மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத்தான் கடை இருக்கே" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். எந்தக் கடை என்று கேட்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். கேட்கவில்லை. அவளைப் பார்க்காமல் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார். டிரைவரிடம் போகலாம் என்றாள் அக்கா.